காலையில் முதல் குடம் செம்மண் நிறம்: ஜி.ஐ. குழாயை மாற்றுவதா, விடுவதா?

முல்லியாற்றுக்கரை (திருத்துறைப்பூண்டி பக்கம்)

அம்மா இருக்கும் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். 1986-ல் அப்பா கட்டியது. போர் தண்ணீர் மோட்டாரில் ஏறி மாடித் தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து முக்கால் இஞ்ச் ஜி.ஐ. குழாய் வெளிச்சுவர் ஓரமாக இறங்கி, சுவருக்குள் அரை இஞ்சாகப் பிரிந்து அடுப்படி, குளியலறை, கொல்லைக் குழாய் என்று ஓடுகிறது. அன்று போட்டது, இன்று வரை யாரும் தொடவில்லை.

காலையில் அடுப்படிக் குழாயைத் திறந்தால் முதல் குடம் செம்மண் நிறத்தில் வருகிறது. அடுத்த குடம் பரவாயில்லை. மத்தியானம் பிடித்தால் தெளிவாக இருக்கிறது. நான்கு நாள் பூட்டி வைத்துவிட்டு வந்தால் அரை வாளி கொட்ட வேண்டும். அம்மாவின் வெள்ளைப் புடவை ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. குளியலறையில் தண்ணீர் வரும் வேகமும் வருடா வருடம் குறைகிறது.

இரண்டு பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர் மொத்த வீட்டுக்கும் பிளாஸ்டிக் போடச் சொல்கிறார். இன்னொருவர் "இரும்பு இரும்புதான், அது முப்பது வருஷத்துக்கு மேல உழைச்சிருக்கு, புது ஜி.ஐ. போடுங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கடைமடை விவசாயி

குழாய் மேல் பழி போடாதீர்கள். நம் பக்கம் தண்ணீரே அப்படித்தான். எங்கள் போரில் பிடித்த தண்ணீரை அண்டாவில் ஊற்றி வைத்தால் மறுநாள் காலை மேலே மஞ்சள் ஏடு கட்டும், அடியில் துரு படியும். எங்கள் வீட்டில் இரும்புக் குழாயே கிடையாது, எல்லாம் பி.வி.சி. அப்படியும் இந்தக் கதிதான். இரும்புச்சத்து நீக்கும் ஃபில்டர் ஒன்று மோட்டாருக்குப் பக்கத்தில் வையுங்கள், போதும். சுவரை உடைத்துக் காசை விடாதீர்கள்.

மரை வெட்டி (மன்னார்குடி)

பைப் வேலையில்தான் என் காலம் போயிற்று. இப்போது கையில் ரெஞ்ச் பிடிப்பது குறைவு, பேசுவது அதிகம்.

கடைமடை அண்ணன் சொல்வது அவர் வீட்டுக்குச் சரி. தம்பி வீட்டுக்கும் அதுதானா என்று தெரியாமல் மருந்து சொல்லக்கூடாது. சிவப்பு இரண்டு இடத்திலிருந்து வரலாம்: பூமியிலிருந்து, இல்லையென்றால் குழாயிலிருந்து. இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு.

பூமியில் இருக்கும் இரும்பு தண்ணீரில் கரைந்து இருக்கும். போரிலிருந்து எடுத்தவுடன் பார்த்தால் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். காற்றுப் பட்டு ஒரு ராத்திரி நின்ற பிறகுதான் மஞ்சளாகும். அண்ணன் வீட்டு அண்டாவில் நடப்பது அதுதான். குழாய்த் துரு அப்படிக் காத்திருக்காது. திறந்த நொடியே சிவப்பாக வரும், கொஞ்ச நேரம் ஓடினால் தெளியும்.

தம்பி, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி நான்கு வெள்ளை பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மோட்டார் தண்ணீர் தொட்டிக்குள் விழும் இடத்தில் பிடித்தது. இரண்டாவது, தொட்டிக்குள்ளேயே மேலாக முகந்தது, அடியைக் கலக்கிவிடாதீர்கள். மூன்றாவது, விடியற்காலையில் யாரும் எந்தக் குழாயையும் திறப்பதற்கு முன் அடுப்படியில் பிடிக்கும் முதல் தண்ணீர். நான்காவது, அதே குழாயை நன்றாக ஓடவிட்டுப் பிடித்தது. பிடித்தவுடன் ஒரு தரம் பாருங்கள், மறுநாள் அதே நேரம் ஒரு தரம் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

நெல்லுக்கட்டி

நாங்களும் போன மாதம்தான் போர் போட்டோம். கேசிங் பைப் பி.வி.சி.தான் நல்லது. இரும்பு கேசிங் உப்புத் தண்ணீரில் ஓட்டையாகி மணல் இறங்கிவிடும். 140 அடிக்குப் போட்டோம்.

மரை வெட்டி

நெல்லுக்கட்டி, தம்பி கேட்பது வீட்டுக்குள் ஓடும் குழாய். கேசிங் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஆனால் அது வேறு இழை.

முல்லியாற்றுக்கரை

பாட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

முதல் பாட்டில் பிடித்தபோது தெளிவு. மறுநாளும் தெளிவுதான், உற்றுப் பார்த்தால் லேசாக ஒரு மங்கல். தொட்டித் தண்ணீரும் அப்படியே. மூன்றாவது பாட்டில்தான் ஆள். பிடித்த கையோடு காப்பி நிறம், மறுநாள் அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கருஞ்சிவப்புப் பொடி, அதில் சிறிய செதில்கள்கூடக் கிடந்தன. நான்காவது பாட்டில் கிட்டத்தட்ட தொட்டித் தண்ணீர் மாதிரியே இருக்கிறது.

அப்படியென்றால் குழாய்தான், இல்லையா? ஆனால் ஒன்று புரியவில்லை. குழாய் துருப்பிடித்திருந்தால் நாள் முழுக்கச் சிவப்பாக வர வேண்டாமா? காலையில் மட்டும் ஏன்?

சுண்ணாம்புக் கட்டி (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், மயிலாடுதுறை)

நல்ல கேள்வி. வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டால் அன்று பாடம் ஓடாது.

ஜி.ஐ. என்பது இரும்புக் குழாயை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. துத்தநாகம் இரும்பை மூடி மட்டும் காப்பாற்றவில்லை. கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன்னால் தான் கரைந்து இரும்பைக் காக்கும். அதனால் பூச்சு இருக்கும் வரை நிறம் தெரியாது. அது தீர்ந்த இடத்தில் இரும்பும் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனும் சந்திக்கின்றன, துரு தொடங்குகிறது. அந்தத் துரு சமமாகப் படிவதில்லை. ஒரு புள்ளியில் தொடங்கிக் கட்டியாக வளரும். கட்டியின் மேலே கெட்டியான சிவப்பு ஓடு, உள்ளே கறுப்பான ஈரச் சேறு. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உங்கள் குளியலறையில் வேகம் குறைவதற்கு அதுதான் காரணம்.

இப்போது காலைக்கு வருவோம். பகலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு குடத்தோடும் புது ஆக்சிஜன் வருகிறது. கட்டியிலிருந்து கசியும் இரும்பு அங்கேயே துருவாகி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், வருகிற கொஞ்சமும் ஓடும் தண்ணீரில் கலந்து நிறம் தெரியாமல் போய்விடும். ராத்திரி தண்ணீர் நின்றுவிடுகிறது. அரை இஞ்ச் குழாய்க்குள் நிற்கும் அந்தக் கொஞ்சத் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இரும்பு சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். அதன் பிறகு கட்டியின் உள்ளே இருக்கும் இரும்பு, துருவாக மாற வழியில்லாமல், கரைந்த நிலையிலேயே தண்ணீருக்குள் இறங்கித் தங்குகிறது. காலையில் நீங்கள் திறக்கும்போது காற்றும் புதுத் தண்ணீரும் சேர, அது சிவப்பாகிறது. கூடவே திடீரென்று ஓடும் வேகத்தில் செதில்கள் பெயர்ந்து வரும். பூட்டி வைத்த வீட்டில் இன்னும் மோசமாக இருப்பதும் இதனால்தான்.

வீட்டில் ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். அந்த முதல் தண்ணீரில் பால் சேர்க்காமல் தேயிலை டிகாக்‌ஷன் ஊற்றினால் கருத்துப்போகும். தேயிலையில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை செய்ததும் இதே முறைதான்.

முல்லியாற்றுக்கரை

ஐயா, இப்போதுதான் புரிகிறது அம்மா ஏன் காலை டீயை மட்டும் "கறுத்துப் போச்சு" என்று கொட்டுகிறார் என்று! இது உடம்புக்குக் கெடுதலா?

சுண்ணாம்புக் கட்டி

குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. முன்பு 0.3 என்று இருந்தது, 2015-ல் மாற்றினார்கள். இந்த அளவே பெரும்பாலும் ருசி, நிறம், கறை இவற்றுக்காக வைத்ததுதான், துரு விஷமில்லை. ஆனால் துருக்கட்டிக்குள் கிருமிகள் ஒண்டிக்கொள்ளும், பஞ்சாயத்துத் தண்ணீரில் போடும் குளோரினையும் துரு தின்றுவிடும். முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றுங்கள்.

பாபநாசம் ராயர் தெரு

எங்கள் வீட்டிலும் ஜி.ஐ.தான், அறுபதுகளில் போட்டது என்று தாத்தா சொல்வார். ஒரு சொட்டுச் சிவப்பு கிடையாது. கடினத் தண்ணீர் என்றால் உள்ளே சுண்ணாம்பு படிந்து இரும்பைக் காப்பாற்றும். அதனால் நம் பக்கம் ஜி.ஐ. தாராளமாகப் போடலாம். மென்மையான தண்ணீர் வரும் ஊரில்தான் துரு.

சுண்ணாம்புக் கட்டி

பாதி சரி. சுண்ணாம்பு மெல்லிய படலமாகப் படிந்தால் காக்கும் என்பது உண்மை, பாபநாசத்தில் உங்கள் தாத்தா குழாய் பிழைத்ததற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் "நம் பக்கம்" என்று டெல்டா முழுவதையும் ஒரே கூடையில் போட முடியாது. ஆற்றங்கரை மணலில் எடுக்கும் தண்ணீர் வேறு, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் எடுக்கும் தண்ணீர் வேறு. கடலோரத்தில் கடினத்தன்மையோடு உப்பும் சேர்ந்து வருகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தச் சுண்ணாம்புப் படலத்தின் சந்துகளில் புகுந்து அடியிலுள்ள துத்தநாகத்தையும் இரும்பையும் தின்னும். தண்ணீரில் உப்பு கூடக்கூட மின்சாரம் அதில் எளிதாக ஓடும். துருப்பிடிப்பதே ஒரு சின்ன மின்சார வேலைதான் என்பதால் வேகமும் கூடும். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால் குளோரைடு எண்ணைப் பாருங்கள். 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 1000 வரை குடிக்க அனுமதி. அனுமதி நாக்குக்கு, இரும்புக்கு அல்ல.

மரை வெட்டி

ஐயா சொன்ன பிறகு நான் சொல்ல வேண்டியது சுலபமாகிவிட்டது. புது ஜி.ஐ. போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஜி.ஐ. குழாயில் மூன்று ரகம். மஞ்சள் பட்டை மெல்லியது, நீலப் பட்டை நடுத்தரம், சிவப்புப் பட்டை கனமானது. அரை இஞ்சில் சுவரின் கனம் முறையே 2, 2.6, 3.2 மில்லிமீட்டர். கடைக்காரர் "சிவப்பு வாங்குங்க, துருப்பிடிக்காது" என்பார். கனம் கூடுவது இரும்பில்தான், துத்தநாகப் பூச்சில் அல்ல. சிவப்பு ரகம் ஓட்டையாக நாளாகும், சிவப்புத் தண்ணீர் வருவது தள்ளிப்போகாது.

அதைவிட முக்கியம் மரை. குழாயை அளவுக்கு வெட்டி டை போட்டு மரை வெட்டினால் அரை இஞ்சில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே சீவிவிடும். அந்த இடத்தில் பூச்சு சுத்தமாகப் போய்விட்டது, பச்சை இரும்பு தெரியும். மஞ்சள் பட்டைக் குழாய் என்றால் மரையின் பள்ளத்தில் மிச்சம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வீட்டில் எத்தனை எல்போ, எத்தனை டீ, எத்தனை நிப்பிள் இருக்கிறதோ அத்தனை இடத்திலும் இரண்டு பக்கமும் இந்தக் காயம். பழைய குழாய் கசிகிறது என்று போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மரையில்தான் கசியும், நடுக்குழாயில் அல்ல. போதாததற்கு நடுவில் பித்தளை கேட் வால்வை நேராக மாட்டியிருப்பார்கள். பித்தளையும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் இரும்புதான் இளைக்கும்; வால்வை ஒட்டிய நிப்பிள் எப்போதும் முதலில் போகும்.

உங்கள் ஊர் உப்புத் தண்ணீருக்கு நான் புது ஜி.ஐ. போடமாட்டேன்.

கும்பகோணம் டிகிரி காபி

எல்லோரும் பிளாஸ்டிக் போடச் சொல்கிறீர்கள், என் கதையைக் கேளுங்கள். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தோம். ஆள் வந்து அதே வெள்ளை பி.வி.சி. பைப்பை வெந்நீருக்கும் போட்டுவிட்டுப் போய்விட்டார். முதல் சித்திரையிலேயே பைப் தொய்ந்து நடுவில் வயிறு போட்டது. அப்புறம் ஒருநாள் எல்போ கழன்று மாடியெல்லாம் வெந்நீர். பக்கத்தில் பிள்ளைகள் யாரும் இல்லாதது புண்ணியம். எனக்குப் பிளாஸ்டிக் மேல் நம்பிக்கையே போய்விட்டது.

மரை வெட்டி

அக்கா, அது பிளாஸ்டிக்கின் குற்றம் இல்லை, குழாயை மாற்றிப் போட்ட குற்றம். பி.வி.சி. என்றும் யு.பி.வி.சி. என்றும் சொல்கிற சாம்பல், வெள்ளைக் குழாய்கள் பச்சைத் தண்ணீருக்கு. 45 டிகிரிக்கு மேல் அதை நம்பக்கூடாது. சோலாரில் சித்திரை வெயிலுக்கு 70, 80 சாதாரணம். வெந்நீருக்கு சி.பி.வி.சி., அந்த இளமஞ்சள் நிறக் குழாய். எஸ்.டி.ஆர். 11 ரகம் 82 டிகிரியில்கூட ஏழு கிலோ அழுத்தம் தாங்கும். கீசரோ சோலாரோ வைக்கிற எண்ணம் இருந்தால் வீடு முழுவதும் சி.பி.வி.சி. போட்டுவிடுவது நல்லது, பின்னால் யாரும் மாற்றி இணைத்துவிட மாட்டார்கள். ஒட்டுகிற சொல்யூஷனும் வேறு. பி.வி.சி. சொல்யூஷனை சி.பி.வி.சி.யில் தடவினால் ஒட்டிய மாதிரி இருக்கும், வெந்நீர் பட்டதும் விட்டுவிடும்.

பாபநாசம் ராயர் தெரு

என்னதான் சொன்னாலும் பலம் என்றால் இரும்புதானே? பிளாஸ்டிக் அழுத்தம் தாங்காமல் வெடிக்காதா?

மரை வெட்டி

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தம்பி வீட்டில் தொட்டியின் அடியிலிருந்து அடுப்படிக் குழாய் வரை மூன்றரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம், அப்படியானால் இங்கே 350 கிராம். அந்த சி.பி.வி.சி. குழாய் பச்சைத் தண்ணீரில் தாங்குவது 28 கிலோ. இதில் இரும்பின் பலம் எங்கே தேவைப்படுகிறது? பிரஷர் பம்ப் வைத்தால்கூட மூன்று நான்கு கிலோதான்.

பிளாஸ்டிக் குழாய் வெடித்தது என்று என்னைக் கூப்பிட்டுப் போன வீடுகளில் நான் பார்த்தது அழுத்தத்தால் அல்ல. குழாய்த் திருகு மாட்டும் இடத்தில் பித்தளை மரை வைத்த எல்போ வரும். ஜி.ஐ.யில் பழகிய கை அதில் சணலைச் சுற்றி, பெரிய பைப் ரெஞ்சைப் போட்டு இறுக்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் உள்ளே மயிரிழை விரிசல் ஓடி, ஒருநாள் சுவருக்குள் கசியும். டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கிய பிறகு ரெஞ்சில் ஒரு சுற்றுக்கு உள்ளேயே நிறுத்த வேண்டும்.

இரண்டாவது விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அரை இஞ்ச் என்ற பெயர் ஒன்றுதான், உள்ளளவு ஒன்றல்ல. நடுத்தர ஜி.ஐ. அரை இஞ்சுக்கு உள்ளே 16 மில்லிமீட்டர் வழி இருக்கும். சி.பி.வி.சி. அரை இஞ்சுக்கு 12 சொச்சம்தான். பழைய அளவையே எழுதிக்கொடுத்தால் புதுக் குழாயிலும் தண்ணீர் நூலாக வரும், பழி பிளாஸ்டிக் மேல் விழும். தொட்டியிலிருந்து இறங்குவதை ஒரு இஞ்சாகப் போடுங்கள், சுவருக்குள் முக்கால், குழாய்த் திருகுக்கு முன்னால் மட்டும் அரை.

தென்னந்தோப்பு (முத்துப்பேட்டை)

எல்லாம் சரி, வெளிச்சுவரில் வெயிலில் ஓடும் குழாய்க்கு என்ன செய்வீர்கள்? என் வீட்டில் பிளாஸ்டிக் வெயிலில் வெளிறி, தொட்டால் மாவு உதிர்கிறது. மட்டை ஒன்று விழுந்ததற்கே உடைந்தது. எலி வேறு கடிக்கிறது. 2018 கஜா அன்று தொட்டி பறந்ததும் அதோடு இழுபட்டுப் பிளாஸ்டிக் எல்லாம் துண்டு துண்டாகிவிட்டது, ஜி.ஐ. வளைந்து நின்றது. வெளியே இறங்குவது ஜி.ஐ., உள்ளே சி.பி.வி.சி. என்று பிரித்துப் போடுங்கள்.

மரை வெட்டி

வெயில் பிரச்சினை உண்மை. தண்ணீரில் கரைக்கும் வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் இரண்டு கை அடித்தால் தாங்கும். ஆயில் பெயிண்ட் அடிக்காதீர்கள், அதிலுள்ள தின்னர் குழாயையே கெடுக்கும். வெயிலில் நீளும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பத்து மீட்டர் குழாய் முப்பது டிகிரி சூடேறினால் இரண்டு சென்டிமீட்டர் நீளும், இரும்பு நான்கு மில்லிமீட்டர்கூட நீளாது. அதனால் கிளாம்பை நெரித்து அடிக்காமல் குழாய் நகர இடம் விட்டு, நடுவில் ஒரு வளைவு கொடுக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் சொல்லும் பாதிக்குப் பாதி யோசனைதான் எனக்குப் பிடிக்கவில்லை. மேலே ஜி.ஐ. இருந்தால் அதன் துரு கீழே இருக்கும் பிளாஸ்டிக் வழியாக அடுப்படிக்குத்தானே வரும்?

தென்னந்தோப்பு

புது ஜி.ஐ.யில் உடனே துரு வராது. வெளியே இருப்பதால் மாற்றுவதும் சுலபம், சுவரை உடைக்க வேண்டாம். நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

மின்கம்பம் (எலக்ட்ரீஷியன், திருவாரூர்)

குழாயை அறுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம். 1986 வீடு என்கிறீர்கள். அந்தக் காலத்து வயரிங்கில் எர்த் கம்பியைத் தனிக்குழி தோண்டிப் புதைக்காமல், ஜி.ஐ. தண்ணீர்க் குழாயில் கிளாம்ப் போட்டு முடித்துவிடுவார்கள். குழாய் மண்ணுக்குள் போவதால் வேலை நடந்தது. நீங்கள் அதை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டால் அன்றோடு வீட்டுக்கு எர்த் இல்லை. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், யாருக்கும் தெரியாது. வாஷிங் மெஷினிலோ கீசரிலோ கசிவு வந்தால்தான் தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை. பாதியை மட்டும் மாற்றினால் இன்னும் மோசம். மண்ணோடு தொடர்பு அறுந்த இரும்புத் துண்டு எங்கேயாவது மின்சாரத்தோடு நிற்கும், குழாய்த் திருகைத் தொட்டால் ஷாக்.

மீட்டர் பெட்டியிலிருந்து பச்சைக் கம்பியோ வெறும் ஜி.ஐ. கம்பியோ எங்கே போகிறது என்று பாருங்கள். குழாயில் முடிந்தால், முதலில் தனி எர்த் குழி போட்டு இணைத்துவிட்டு, மெயினை அணைத்த பிறகு குழாயில் கை வையுங்கள்.

முல்லியாற்றுக்கரை

அண்ணே, உங்களுக்குக் கோடி நன்றி. போய்ப் பார்த்தேன். கொல்லைக் குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில், துளசி மாடத்துக்குப் பின்னால், துருப்பிடித்த கிளாம்ப் ஒன்றில் கம்பி சுற்றியிருக்கிறது. இரண்டு பிளம்பரும் அந்தப் பக்கம் வந்து நின்றுதான் பேசினார்கள். இருவர் கண்ணிலும் படவில்லை.

கடைமடை விவசாயி

பாட்டில் சோதனையை நானும் செய்து பார்த்தேன். எங்களுக்குத் தண்ணீர்தான், குழாய் இல்லை. அது போகட்டும், பி.வி.சி.யில் ஈயம் கலக்கிறார்கள், அது தண்ணீரில் இறங்கும் என்கிறார்களே? அதற்குத் துருத் தண்ணீரே மேல் இல்லையா?

சுண்ணாம்புக் கட்டி

கவலைப்பட வேண்டிய விஷயம்தான். பி.வி.சி. சூட்டில் சிதையாமல் இருக்க ஈய உப்புகளைச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. 2021-ல் மத்திய அரசு இதைக் கட்டுப்படுத்தத் தனி விதி கொண்டுவந்தது. புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, குடிநீருக்கானது என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். எடைக்கு விற்கும் பெயரில்லாத பைப் வேண்டாம். ஆனால் துருத் தண்ணீர் மேல் என்று சொல்வதற்கும் இடமில்லை. ஜி.ஐ.யின் துத்தநாகத்திலும் ஈயம் கொஞ்சம் கலந்தே வரும்.

முல்லியாற்றுக்கரை

வேலை ஆரம்பித்துவிட்டோம். தனி எர்த் போட்டாயிற்று. குளியலறைக்குப் போகும் குழாயில் ஒரு முழம் அறுத்து எடுத்தோம். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல குழாய். உள்ளே ஒரு பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம், அதுவும் நடுவில் இல்லாமல் ஓரமாக வளைந்து போகிறது. கட்டி ஒன்றை ஆணியால் குத்தினேன், மேல் ஓடு உடைந்ததும் உள்ளே கறுப்புச் சேறு, ஐயா சொன்னபடியே. எல்போ பக்கத்து மரையைக் கையால் திருகினால் பொடிந்து வருகிறது.

சுவருக்குள் இருக்கும் பழைய குழாயைப் பெயர்த்து எடுக்க வேண்டுமா? கொத்தனார் உடைக்க வேண்டும் என்கிறார். செங்கல் வேறு உப்புப் பூத்துக் கிடக்கிறது.

மரை வெட்டி

பெயர்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் அறுத்து மூடி போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். புதுக் குழாய்க்கு வேறு காடி வெட்டுங்கள், இல்லையென்றால் சுவர் மேலேயே கிளாம்பில் ஓட்டுங்கள். உப்புப் பூத்த சுவர் வெளியிலிருந்தும் ஜி.ஐ.யைத் தின்றிருக்கும், பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. காடியில் போட்டால் பூசுவதற்கு முன்னால் கை பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பாருங்கள். ஒட்டி ஒருநாள் முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். கொத்தனார் அவசரப்படுத்துவார், கேட்காதீர்கள்.

கொல்லைக்கு மண்ணுக்குள் போகும் குழாய்க்கு அடியில் மணல் பரப்பிப் புதையுங்கள். நம் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். மணல் இல்லாவிட்டால் மண்ணோடு குழாயும் இழுபட்டு ஒட்டு விடும்.

முல்லியாற்றுக்கரை

சரி அண்ணே. வெளிச்சுவரில் இறங்கும் குழாய் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அம்மா தென்னந்தோப்பு அண்ணன் பக்கம், எங்கள் வீட்டிலும் சுவரை ஒட்டி ஒரு தென்னை நிற்கிறது.

தென்னந்தோப்பு

அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

மரை வெட்டி

குழாய்க்கு மேல் மட்டை விழுகிறது என்றால் குழாயை வேறு சுவருக்குத் தள்ளிப் போடலாமே, மரம் எந்தப் பக்கம் நிற்கிறது? ஒரு போட்டோ போடுங்கள், பார்க்கிறேன்.